போட்டித் தொழில் தொடங்க வேலையை விடுகிறீர்களா? ராஜினாமா கடிதத்தை உண்மையோடும் கவனத்தோடும் எழுதுவது எப்படி

மனிதவளப் பிரிவில் இருந்த காலத்தில் நூற்றுக்கணக்கான ராஜினாமா கடிதங்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் என்னை மிகவும் வருத்தியவை "குடும்பச் சூழல் காரணமாக" என்றும் "உடல்நலம் கருதி" என்றும் தொடங்கியவை. அவற்றை எழுதியவர்களில் சிலர் சில மாதங்களிலேயே எங்கள் தொழிலையே சொந்தமாகத் தொடங்கினார்கள். தொழில் தொடங்கியதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் அந்த ஒரு வரிப் பொய், அவர்கள் நேர்மையாகச் செய்த மற்ற எல்லாவற்றின் மீதும் சந்தேகத்தைக் கிளப்பியது. நிறுவனம் வழக்கறிஞரிடம் போனபோது முதலில் எடுத்துக் கொடுத்தது அந்தக் கடிதத்தைத்தான்.

இந்த வழிகாட்டியின் மையம் அந்த ஒரு வரிதான். சாதாரண ஊழியர் தன் எதிர்காலத் திட்டத்தைச் சொல்லாமல் இருக்கலாம். அதைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள இடத்தில்தான் நல்ல கடிதம் நிற்கிறது.

விளக்கத்துக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். தொழிற்சாலைகளின் தராசுகளையும் அழுத்தமானிகளையும் சோதித்துச் சான்று வழங்கும் காலிபரேஷன் நிறுவனம் ஒன்றில் அவர் ஒன்பது ஆண்டுகளாக மூத்த தொழில்நுட்பர். நோட்டீஸ் காலம் 60 நாள். அதே தொழிலைச் சொந்தமாகத் தொடங்க விரும்புகிறார். அந்தத் தொழிலில் கருவிகளை விட மதிப்புள்ள பொருள் ஒன்று உண்டு: எந்த வாடிக்கையாளரின் எந்தக் கருவிக்கு எந்த மாதம் மறுசோதனை வருகிறது என்ற பட்டியல். அது கையில் இருப்பவர் சரியான நாளில் சரியான கதவைத் தட்டலாம்.

முதல் படி: பேனாவைத் தொடுமுன் கோப்பை எடுங்கள்

பணி நியமனக் கடிதம் மட்டும் போதாது. பதவி உயர்வின்போது கையெழுத்திட்ட தாள், பயிற்சிக்கான உறுதிப்பத்திரம், ஆண்டுதோறும் கணினியில் "ஏற்கிறேன்" என்று சொடுக்கிய நடத்தை விதிகள், பங்கு ஒதுக்கீட்டு ஒப்பந்தம் ஆகியவற்றையும் எடுங்கள். பலருடைய கடுமையான நிபந்தனைகள் பிந்தைய தாள்களில்தான் ஒளிந்திருக்கின்றன.

அவற்றில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: நோட்டீஸ் எத்தனை நாள், எந்த வடிவில் தர வேண்டும்; வேலையில் இருக்கும்போது வேறு தொழிலில் பங்கோ பதவியோ வகிக்கலாமா; எவையெல்லாம் ரகசியத் தகவல் என வரையறுக்கப்பட்டுள்ளன; வேலையை விட்ட பின் போட்டியிடவோ வாடிக்கையாளரையும் சக ஊழியரையும் அணுகவோ தடை உண்டா, எவ்வளவு காலத்துக்கு.

கடைசியாகச் சொன்ன தடைக்கு இடத்துக்கு இடம் பலம் மாறும். வேலையை விட்ட பின் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் நிபந்தனை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆவது பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. கலிபோர்னியாவிலும் அதே நிலைதான். இங்கிலாந்தில் காலமும் எல்லையும் நியாயமான அளவில் இருந்தால் நீதிமன்றம் அதை நிலைநிறுத்தக்கூடும். ஆனால் "தடை செல்லாது" என்று கேட்டவுடன் நிம்மதியடைந்து விடுபவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். வேலையில் இருக்கும் காலத்துக்கான விசுவாசக் கடமையும், ரகசியத் தகவலைக் காக்கும் கடமையும் வேறு. போட்டித் தடை செல்லாத இடங்களிலும் இவை உயிரோடு இருக்கின்றன.

நீங்கள் இயக்குநராகவோ, நிறுவனத்தின் முடிவுகளை எடுக்கும் இடத்திலோ இருந்தால், இந்தக் கட்டுரையின் "சொல்லாமல் இருக்கலாம்" என்ற பகுதி உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். 2004-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு மென்பொருள் விற்பனை நிறுவனத்தின் இயக்குநர் வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. நிறுவனம் ஒரு தயாரிப்பாளரோடு ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தபோதே, அதே ஒப்பந்தத்தைத் தனக்கு வாங்க அவர் மறைவாக முயன்றார். அந்தத் தவறைத் தானே நிறுவனத்திடம் சொல்லியிருக்க வேண்டும் என்பது தீர்ப்பு. அத்தகைய பதவியில் இருப்பவர்கள் கடிதம் எழுதுமுன் மேற்சொன்ன தாள்களோடு ஒரு வழக்கறிஞரைப் பார்த்தே ஆக வேண்டும்.

இரண்டாம் படி: இதுவரை செய்தவற்றை உங்களுக்கு நீங்களே சொல்லிப் பாருங்கள்

கடிதம் நேர்மையாக இருக்க வேண்டுமானால் அதற்கு முன்பான மாதங்கள் நேர்மையாக இருந்திருக்க வேண்டும். ஆயத்தமாவதற்கும் போட்டியிடுவதற்கும் இடையே ஒரு கோடு இருக்கிறது. தீயணைப்பு வீரர்களுக்கான தலைக்கவசம் விற்கும் நிறுவனம் ஒன்றின் விற்பனையாளர், சொந்தமாக ஒரு புதுத் தலைக்கவசம் தயாரிக்கத் திட்டமிட்டு, வேலையில் இருக்கும்போதே சில ஆயத்தங்களைச் செய்தார். நிறுவனம் வழக்குத் தொடுத்தது. அந்த ஆயத்தங்கள் கடமை மீறல் ஆகா என்று இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது. அதற்கு நேர்மாறானது 1895-ஆம் ஆண்டு வழக்கு. வேட்டைப் பறவைகளும் முட்டைகளும் விற்கும் தொழிலின் மேலாளர் ஒருவர், வேலையை விடுமுன் முதலாளியின் ஏட்டிலிருந்து வாடிக்கையாளர் பெயர்களைப் படியெடுத்துக் கொண்டார். பிறகு அவர்களுக்கே விற்க முனைந்தார். அவர் தோற்றார். நூறாண்டுக்கு மேலாகியும் அந்த ஏடுதான் வழக்குகளின் மையத்தில் இருக்கிறது. இப்போது அது ஒரு எக்செல் கோப்பு, அவ்வளவுதான்.

நம் தொழில்நுட்பருக்கு வருவோம். விடுமுறை நாளில் இடம் பார்த்தார், வங்கியில் கடன் விசாரித்தார், சோதனைக் கருவிகளுக்கு விலைப்பட்டியல் கேட்டார். எல்லாம் சொந்த மின்னஞ்சலில், சொந்த நேரத்தில் நடந்தவை. ஆயத்தத்துக்கு உரியவை இவை. நிறுவனத்தைப் பதிவு செய்வதும் பெரும்பாலும் ஆயத்தமே. ஆனால் "வேறு எந்தத் தொழிலிலும் பதவி வகிக்கக் கூடாது" என்ற நிபந்தனை இவருடைய ஒப்பந்தத்தில் இருந்ததால் பதிவை வேலையிலிருந்து விடுபடும் நாளுக்குப் பின்னால் தள்ளி வைத்தார்.

இனிக் கடக்கக் கூடாதவை. ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு மேலாளரிடம் "அடுத்த மறுசோதனையை ஒரு மாதம் தள்ளிப்போட முடியுமா?" என்று காரணம் சொல்லாமல் கேட்டாலும் அது போட்டிதான். உடன் வேலை செய்பவரிடம் "நீயும் வந்துவிடு" என்றால் அதுவும் போட்டிதான். மறுசோதனைப் பட்டியலைத் தன் மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்வது எல்லாவற்றிலும் மோசமானது. நிறுவனத்தின் சர்வரில் அதற்கான பதிவு நாள், நேரத்தோடு தங்கியிருக்கும். பட்டியலைத் திட்டமிட்டு மனப்பாடம் செய்வதும் படியெடுப்பதற்குச் சமமாகவே பார்க்கப்படுகிறது.

இவற்றில் ஏதாவது ஒன்றை ஏற்கெனவே செய்துவிட்டிருந்தால் கடிதத்தை நிறுத்தி வையுங்கள். கோப்பை அழித்துத் தடயத்தை மறைக்க முயல வேண்டாம்; அழித்தது தெரியவந்தால் படியெடுத்ததை விடப் பெரிய குற்றமாகத் தோன்றும். முதலில் வழக்கறிஞரிடம் போங்கள்.

மூன்றாம் படி: நாளைத் தேர்ந்தெடுங்கள்

பலர் போனஸ் நாளைப் பார்த்துத் தேதி குறிக்கிறார்கள். அதில் தவறில்லை. நான் பார்க்கச் சொல்வது நாட்காட்டியில் இருக்கும் இன்னொன்றை: விலை நிர்ணயக் கூட்டம். அடுத்த ஆண்டுக்கான கட்டணத்தை நிறுவனம் முடிவு செய்யும் அறையில், அதே வாடிக்கையாளர்களுக்கு விலை சொல்லப் போகிறவராக நீங்கள் உட்கார்ந்திருந்தால், அங்கே கேட்டதை எப்படிக் கேட்காததாக்குவீர்கள்? திட்டம் உறுதியாகிவிட்டதென்றால் கூட்டத்துக்கு முன்பே கடிதத்தைக் கொடுங்கள். முடியாதபட்சத்தில், அந்தக் கூட்டத்தில் நீங்கள் பங்கேற்பது பொருத்தமாக இராது என்று மேலதிகாரியிடம் சொல்லி விலகுங்கள். வேலையை முழுமனதோடு செய்ய முடியாத முதல் சூழ்நிலை வரும் நாளே ராஜினாமாவுக்கான நாள் என்பது என் கணக்கு.

நான்காம் படி: கடிதம்

நம் தொழில்நுட்பர் எழுதிய முதல் வரைவு இது:

> குடும்பச் சூழ்நிலை காரணமாக என்னால் பணியைத் தொடர இயலவில்லை. சில காலம் ஓய்வெடுக்க எண்ணியுள்ளேன். ஆகவே என்னை விரைவில் விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இது முழுப் பொய். ஆபத்து மூன்றாவது வாக்கியத்தில் இருக்கிறது. குடும்பச் சூழலை நம்பி நிறுவனம் இரக்கப்பட்டு 60 நாளை 20 நாளாகக் குறைத்தால், பொய்யைக் காட்டி ஒரு சலுகையைப் பெற்றதாகிறது. பின்னாளில் "எங்களை ஏமாற்றி முன்கூட்டியே வெளியேறினார்" என்று அவர்கள் சொன்னால் மறுப்பதற்கு ஒன்றும் இருக்காது.

பொய் வேண்டாம் என்றதும் அவர் மறுகோடிக்குப் போனார்:

> நான் சொந்தமாகக் காலிபரேஷன் நிறுவனம் தொடங்குகிறேன். என்னை நம்பி வந்த வாடிக்கையாளர்கள் என் சேவையைத் தொடர்ந்து பெறுவார்கள் என நம்புகிறேன். ஒப்பந்தத்தில் உள்ள தடை சட்டப்படி செல்லாது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். எனினும் நிறுவனத்தின் எந்த வாடிக்கையாளரையும் நான் ஒருபோதும் அணுகமாட்டேன் என உறுதியளிக்கிறேன்.

நேர்மையாகத்தான் எழுதினார். ஆனால் இரண்டாவது வாக்கியம், வாடிக்கையாளர்களோடு ஏற்கெனவே பேசிவிட்டார் என்ற எண்ணத்தைத் தருகிறது. மூன்றாவது வாக்கியம் சண்டைக்கு அழைப்பு. சட்ட வாதத்துக்கு ராஜினாமா கடிதம் இடமல்ல. நான்காவதுதான் மிகவும் கவலைக்குரியது. ஒப்பந்தத்தில் ஒரு வருடத்துக்கே தடை இருந்தது. "ஒருபோதும்" என்று எழுதியதால் கேட்காத வாக்குறுதியைத் தானே வலிந்து கொடுக்கிறார். நல்லெண்ணத்தில் எழுதிய ஒரு சொல் ஒப்பந்தத்தை விடக் கனமாகிவிடுகிறது.

மூன்றாவது வரைவு:

> மூத்த தொழில்நுட்பர் பதவியிலிருந்து ராஜினாமா செய்கிறேன். இக்கடிதத்தின் தேதி மார்ச் 3. நியமனக் கடிதத்தின்படி 60 நாள் நோட்டீஸ் காலம் மே 2 அன்று நிறைவடைகிறது. அன்றே என் கடைசிப் பணிநாள் எனக் கருதுகிறேன். கணக்கில் வேறுபாடு இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.
>
> பணியிலிருந்து விடுபட்ட பின் இதே துறையில் சொந்தத் தொழில் தொடங்க எண்ணியுள்ளேன். இது தொடர்பாக நோட்டீஸ் காலத்தில் என் பொறுப்புகளிலோ தகவல் அணுகலிலோ மாற்றம் தேவை என நிறுவனம் கருதினால் ஒத்துழைப்பேன்.
>
> பணியில் இருக்கும் நாள்வரை என் கடமைகளை முழுமையாகச் செய்வேன். பணி விடுபட்ட பின் எனக்குப் பொருந்தும் கடமைகளை அறிந்துள்ளேன். கைவசமுள்ள வேலைகளின் விவரத்தைத் தனியே தருகிறேன். நிறுவனத்தின் கருவிகளையும் ஆவணங்களையும் ஒப்படைக்கும் நாளைத் தெரிவிக்கவும்.
>
> இங்கு கற்றுக்கொண்டவற்றுக்கு நன்றி.

இதில் சில சொற்களை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். தேதியும் கணக்கும் வெளிப்படையாக இருக்கின்றன. கடிதம் கொடுத்த மறுநாளான மார்ச் 4 முதல் எண்ணினால் 60-ஆவது நாள் மே 2. கொடுத்த நாளையே சேர்த்து எண்ணினால் மே 1. ஒரு நாள் வித்தியாசம்தான். ஆனால் அந்த ஒரு நாளில் புதுத் தொழிலின் கையெழுத்து விழுந்திருந்தால் வேலையில் இருக்கும்போதே போட்டியிட்டதாகிவிடும்.

"எண்ணியுள்ளேன்" என்பது உண்மையாக இருக்க வேண்டும். ஏற்கெனவே பதிவு செய்து, ஆள் சேர்த்து, பலகை மாட்டியவர் "எண்ணியுள்ளேன்" என்று எழுதினால் அது பொய். அப்படி நடந்துவிட்டவர் அந்த வாக்கியத்தையே தவிர்க்க வேண்டும் அல்லது நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

"எனக்குப் பொருந்தும் கடமைகளை அறிந்துள்ளேன்" என்பது எந்தத் தடையும் செல்லும் என்று ஒப்புக்கொள்வதும் இல்லை, மறுப்பதும் இல்லை. புதிய வாக்குறுதியும் தரவில்லை.

சொந்தத் தொழில் பற்றிய வாக்கியத்தை எழுதித்தான் ஆக வேண்டுமா? ஒப்பந்தம் கேட்காதவரை, சாதாரண ஊழியருக்கு அந்தக் கட்டாயம் பொதுவாக இல்லை. "மார்ச் 3 தேதியிட்டு ராஜினாமா செய்கிறேன்" என்று காரணமே இல்லாமல் எழுதினாலும் கடிதம் முழுமையானது. என் கருத்து இதுதான்: தொழில் அதே துறையில், அதே வாடிக்கையாளர் வட்டத்தில் என்றால் எழுதிவிடுங்கள். நோட்டீஸ் காலம் முழுவதும் விலைகளும் பட்டியல்களும் உங்கள் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும். நிறுவனம் அறிந்தே உங்களை அங்கு அமர்த்தியிருந்தது என்பது பின்னாளில் உங்களுக்குக் காப்பு. ஆனால் ஒன்றுக்குத் தயாராக இருங்கள். கடிதம் கொடுத்த அன்றே லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பலாம். சம்பளத்தோடு நோட்டீஸ் காலம் முழுவதும் வீட்டிலேயே இருக்கச் சொல்லலாம். அப்படி வீட்டில் இருக்கும் நாட்களிலும் நீங்கள் ஊழியர்தான். அந்த நாட்களில் வாடிக்கையாளரை அழைப்பது அலுவலகத்திலிருந்து அழைப்பதற்குச் சமம்.

ஐந்தாம் படி: வாயால் கேட்கும்போது

கடிதத்தை விட அதன்பின் வரும் பேச்சில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மேலாளர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்கிறார்:

"யார் யாரெல்லாம் உங்களோடு வருகிறார்கள்?"

"யாரிடமும் நான் பேசவில்லை."

"எந்தெந்த வாடிக்கையாளரைக் குறிவைத்திருக்கிறீர்கள்?"

"என் தொழில் திட்டத்தை விளக்க எனக்கு விருப்பமில்லை, மன்னியுங்கள். இங்கிருக்கும்வரை வாடிக்கையாளர் யாரிடமும் அதைப் பற்றிப் பேச மாட்டேன்."

முதல் பதில் உண்மையாக இருந்தால் மட்டுமே சொல்ல வேண்டியது. இரண்டாவது, மறுப்பை மறுப்பாகவே சொல்கிறது. "இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை" என்று மழுப்புவதுதான் இந்த இடத்தில் எல்லோருக்கும் நாக்கில் வருவது. முடிவாகிவிட்டிருந்தால் அது பொய். சந்திப்பு முடிந்த அன்றே பேசியதன் சுருக்கத்தை நான்கு வரியில் மேலாளருக்கு மின்னஞ்சலாக அனுப்புங்கள்.

ஆறாம் படி: மீதி 60 நாள்

நம் தொழில்நுட்பர் தொழிற்சாலையில் தராசின் மேல் சோதனை எடைக்கல்லை வைத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் நிற்கும் தரக்கட்டுப்பாட்டு மேலாளர், "நீங்கள் போகிறீர்களாமே, அடுத்த முறை யாரை அழைப்பது?" என்கிறார். இயல்பான கேள்வி, நல்ல மனதோடு கேட்டது. அவர் சொல்ல வேண்டியது: "மே 2 வரை நான் இந்த நிறுவனத்தின் ஆள். அடுத்த சோதனைக்கு எங்கள் அலுவலகத்தையே அழையுங்கள்." தன் புதுத் தொலைபேசி எண்ணைத் தருவதோ, "பிறகு பேசலாம்" என்று கண்ணால் சொல்வதோ கூடாது. அந்த "பிறகு பேசலாம்" பின்னாளில் ஒரு சாட்சியின் வாக்குமூலத்தில் வரும்.

சொந்தக் கைப்பேசியில் வாடிக்கையாளர் எண்கள் இருக்கும். சத்தம்போடாமல் அழிக்காதீர்கள், சத்தம்போடாமல் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். "என் கைப்பேசியில் இவ்வளவு எண்கள் உள்ளன, என்ன செய்ய வேண்டும்?" என்று எழுத்தில் கேட்டு, பதிலின்படி நடங்கள். லேப்டாப்பை இருந்தபடியே ஒப்படையுங்கள்; சொந்தப் புகைப்படங்கள் இருந்தால் கணினிப் பிரிவினர் முன்னிலையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எடுத்துச் செல்லக்கூடியது உங்கள் திறமை. கோழி இறைச்சி விற்கும் நிறுவனம் ஒன்று தன் முன்னாள் விற்பனை மேலாளர் மீது தொடுத்த வழக்கில் 1980-களில் இங்கிலாந்தில் வந்த தீர்ப்பு இந்த வேறுபாட்டை வகுத்தது: தொழில் ரகசியம் என்ற அளவுக்கு உயராத, வேலை செய்ததால் இயல்பாகவே மனதில் தங்கிய அறிவை, தனி நிபந்தனை இல்லாதபோது, விலகியவர் பயன்படுத்தலாம். அழுத்தமானியை எப்படிச் சோதிப்பது என்பது தொழில்நுட்பருக்குச் சொந்தம். எந்த ஆலையின் எந்த மானிக்கு ஜூலையில் சோதனை என்ற பட்டியல் நிறுவனத்துக்குச் சொந்தம்.

கடைசி நாளின் படிவம்

கடைசி நாளில், விடுவிப்புக் கடிதத்தோடு கையெழுத்துக்காக ஒரு படிவம் நீட்டப்படும். அவசரத்தில் எல்லோரும் போட்டுவிடுவார்கள். நம் தொழில்நுட்பரின் படிவத்தில், பொருட்களை ஒப்படைத்ததாகச் சொல்லும் வரிகளுக்குக் கீழே, "இரண்டு ஆண்டுகளுக்கு இத்துறையில் எவ்விதத் தொழிலும் செய்ய மாட்டேன்" என்று ஒரு வரி இருந்தது. நியமனக் கடிதத்தில் இருந்தது வாடிக்கையாளரை அணுகுவதற்கான ஒரு வருடத் தடை மட்டுமே. அவர் பொருள் ஒப்படைப்புப் பகுதியில் கையெழுத்திட்டார். அந்த வரியின் பக்கத்தில், "இது என் நியமன ஒப்பந்தத்தில் இல்லை, ஏற்கவில்லை" என்று எழுதித் தேதியிட்டார். இரண்டு பக்கத்தையும் மனிதவள அலுவலர் முன்னிலையில், அவர் அனுமதியோடு புகைப்படம் எடுத்துக்கொண்டு, அடையாள அட்டையை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். நிறுவனப் பதிவுக்கான விண்ணப்பத்தை மே 3 அன்று அனுப்பினார்.